‘அம்மா அப்படித்தான்’ என்று சொல்பவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: எனக்கு 27 வயது. திருச்சியில் தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வீட்டாரும் பார்த்துப் பேசி ஆவணியில் நிச்சயம் முடிந்தது. தையில் கல்யாணம். அவர் வீடு கும்பகோணத்தில், அவர் பெங்களூரில் இருக்கிறார், நல்ல மனிதர், தினமும் பேசுகிறோம். பிரச்சினை அவருடைய அம்மா, அப்பா. முன்பணம் கொடுத்த மண்டபத்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். பத்திரிகை மூன்று முறை திருத்தியாகிவிட்டது. நான் ஆசைப்பட்ட முகூர்த்தப் புடவையை வேண்டாம் என்று அத்தை வேறு எடுத்துவிட்டார். இப்போது 500 இலை என்று பேசியதை 800 ஆக்கச் சொல்கிறார்கள். இலைக்கு 450 ரூபாய், செலவு அப்பாவுடையது. தினமும் இரவு ஒன்பதரைக்கு அத்தை எனக்குத்தான் போன் செய்வார். ரிங்டோனை மாற்றிப் பார்த்தேன், ஆனாலும் போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. ஒருமுறை அவரிடம் சொன்னேன். “அம்மா அப்படித்தான், கல்யாணம் வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றார். மறுபடி சொன்னால், வருவதற்கு முன்பே குடும்பத்தைப் பிரிக்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

ரிங்டோனை மாற்றிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். நேரம் நெருங்கும்போதே உடம்பு தன்னைத் தயார்படுத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். இதைக் ‘கல்யாண டென்ஷன்’ என்று ஒதுக்க வேண்டாம். அவரிடம் பேசுவதற்கு முன்பாகவே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே படபடப்பைத் தரும், இரண்டும் உங்கள் வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுபவை. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். அவை இல்லை என்று ஆனால், இது மன அழுத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும், அவரிடம் சொல்லும்போது தடுமாற்றமும் இருக்காது. நள்ளிரவில் யாரிடமாவது பேசினால் போதும் என்று தோன்றினால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இனி அவரிடம் பேசுவதற்கு வருவோம். கல்யாணத்துக்கு முன்பும், ஆன கையோடும் என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஜோடிகள் பலரும் இதே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இல்லை. சொல்லித்தான் இருக்கிறார்கள். மண்டபம், பத்திரிகை, புடவை, இலை, போன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில், அழுகையோடு சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர் காதில் விழுந்தது “உங்க அம்மா சரியில்லை” என்ற ஒன்றுதான். அதற்கு ஒரு மகனிடமிருந்து வரக்கூடிய பதில் “அம்மா அப்படித்தான்” என்பதாகத்தான் இருக்கும். நீங்களும் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதனால் மறுபடி வாயைத் திறக்கும் முன் குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புடவையை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பல சமூகங்களில் முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு முறை. திருமாங்கல்யமும் அப்படித்தான். பத்திரிகையில் அவர்கள் பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்பதும் அவர்கள் சொல்ல வேண்டியதே. உங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம் என்றால், புடவை விஷயத்தில் உங்கள் அத்தை தன் உரிமையில் தலையிட்டிருக்கிறாரே தவிர உங்கள் உரிமையில் அல்ல. ஆசைப்பட்ட புடவை கிடைக்காத வருத்தம் உண்மையானதுதான், அதை நான் சிறியதாக எண்ணவில்லை. ஆனால் அதை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவந்தால், அவருடைய காது அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். “எங்க வீட்டு முறைப்படி புடவை எடுத்தது தப்பா?” என்று கேட்பார். உங்களிடம் பதில் இருக்காது, மீதி எல்லாமும் அதோடு அடிபட்டுப் போகும். வரவேற்புக்கு என்ன உடுத்துவது என்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், முகூர்த்தப் புடவையை விட்டுவிடுங்கள். மண்டபம் மாறியதும் முடிந்துபோன கதை. போன முன்பணம் திரும்பி வரப்போவதில்லை, அதையும் எடுக்காதீர்கள்.

இலைக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. 300 இலை கூடுதல், இலைக்கு 450 ரூபாய் என்றால் 1,35,000 ரூபாய். தாம்பூலப் பை, தண்ணீர், பரிமாற ஆட்கள் என்று அதன்பின் வருவது தனி. ஓய்வுபெற்றவரோ, ஓய்வை நெருங்குபவரோ, ஒரு தகப்பனுக்கு அது எங்கிருந்து வரும் என்பது பெண்ணுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். நான் சந்திக்கும் மாப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இலை ஒன்றுக்கு என்ன விலை என்பதே தெரியாது. “300 பேர் கூட வருவாங்க” என்று அம்மா சொல்லும்போது அது அவர்களுக்கு உறவினர் பட்டியலாக மட்டுமே கேட்கிறது, பணமாகக் கேட்பதில்லை. ஆகவே இதில் யார் மீதும் கெட்ட எண்ணம் கற்பிக்காமல், எண்ணிக்கையைப் பணமாக்கிக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது இரவுப் போன். எனக்கு இதுவே எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தெரிகிறது. அத்தை என்ன கேட்கிறார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் கேட்பது உங்களை என்பதுதான் பிரச்சினை. இன்னும் அந்த வீட்டுக்குப் போகாத பெண், வருங்கால மாமியாரிடம் “முடியாது” என்று சொல்ல முடியாது. “சரி” என்று சொல்லி அப்பா தலையில் கட்டவும் முடியாது. பதில் சொல்லும் அதிகாரமே இல்லாத ஒருவரிடம் தினமும் பதில் கேட்கப்படுகிறது. தூக்கம் போவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. அத்தையின் குரல் எவ்வளவு இனிமையாக மாறினாலும் இந்தப் படபடப்பு தீராது. கேள்வி போய்ச் சேரும் இடம் மாறினால்தான் தீரும்.

எனவே நீங்கள் அவரிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: கல்யாணச் செலவும் ஏற்பாடும் சம்பந்தமான எந்தப் பேச்சும் அவர் வீட்டிலிருந்து அவர் வழியாக வர வேண்டும். இலைக் கணக்கை அதற்கு உதாரணமாகச் சொல்லுங்கள், அது போதும்.

எப்போது பேசுவது என்பதிலும் கவனம் வேண்டும். அத்தை போனை வைத்த கையோடு அவருக்கு அடிக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் நாடித்துடிப்பு நூறைத் தாண்டியிருக்கலாம். அந்த நிலையில் எதிராளி சொல்வது காதில் ஏறாது, சொல்ல நினைத்ததும் ஒழுங்காக வாயில் வராது. தணிவதற்குக் குறைந்தது இருபது நிமிடமாவது ஆகும், அந்த இருபது நிமிடமும் மனதுக்குள் சண்டை ஓடாமல் இருந்தால்தான். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது அதைவிட ஆபத்து. எழுத்தில் உங்கள் குரல் இருக்காது. நீங்கள் கெஞ்சியது அவருக்குக் கட்டளையாகப் படும். இன்னொன்றும் உண்டு, அந்தத் திரை யாருக்கு வேண்டுமானாலும் காட்டப்படலாம். அவர் நல்லவர் என்றே வைத்துக்கொண்டாலும், “பாரும்மா, அவ எவ்வளவு கஷ்டப்படறா” என்று நல்லெண்ணத்தில் அம்மாவிடமே காட்டிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ வரும் நாள் அருகில் இருந்தால் நேரில் பேசுவதே நல்லது. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு, வீடியோ அழைப்பில் பேசுங்கள். முந்தின நாளே சொல்லி வையுங்கள்: “நாளைக்குக் காலைல ஒரு அரை மணி நேரம் எனக்காக ஒதுக்குவீங்களா? சண்டையெல்லாம் இல்ல. கல்யாண வேலைல ஒரு விஷயம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, அதை உங்ககிட்ட மட்டும் சொல்லணும்.” இதில் ‘உங்ககிட்ட மட்டும்’ என்பதை விட்டுவிடாதீர்கள். இது வீட்டுக்குப் போகும் செய்தி இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

தொடங்கும் விதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். அமெரிக்காவில் சிபில் காரேர், ஜான் காட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 124 புதுமணத் தம்பதிகளை, தங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ள ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வைத்துப் பதிவுசெய்தார்கள். 1999இல் அதை வெளியிட்டார்கள். பேச்சின் முதல் மூன்று நிமிடம் எப்படி இருந்தது என்பதைக் கொண்டே, அடுத்த ஆறு ஆண்டுகளில் யார் பிரிந்தார்கள், யார் சேர்ந்திருந்தார்கள் என்பதை அவர்களால் பெருமளவு பிரித்தறிய முடிந்தது. அவர்கள் நம்மூர்த் தம்பதிகள் இல்லைதான். ஆனால் குற்றச்சாட்டில் தொடங்கும் பேச்சு குற்றச்சாட்டிலேயே முடிவதை என் அறையிலும் அடிக்கடி காண்கிறேன். அதனால் உங்கள் முதல் வாக்கியத்தில் அவருடைய அம்மா வர வேண்டாம். நீங்கள் வாருங்கள். உங்கள் தூக்கம், உங்கள் நெஞ்சு, நடந்த ஒரு நாள், அதன் பிறகு நீங்கள் கேட்பது. இந்த வரிசையில் சொல்லுங்கள். உங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், நான் ஒரு மாதிரி தருகிறேன்:

“ரெண்டு மாசமா எனக்கு ராத்திரில தூக்கம் வரல. ஒன்பதரைக்கு போன் அடிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. டாக்டரைக்கூடப் போய்ப் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை அத்தை எண்ணூறு இலை சொல்லச் சொன்னாங்க. முந்நூறு இலை கூடன்னா எவ்வளவு ஆகும்னு பயந்து கணக்குப் போட்டேன், இலை மட்டுமே ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம். என்னால சரின்னும் சொல்ல முடியல, முடியாதுன்னும் சொல்ல முடியல. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுக்கிட்டு இருந்தேன். இந்த மாதிரி விஷயமெல்லாம் இனிமே நேரா எங்கிட்ட வராம உங்ககிட்ட வரணும். நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம். அப்புறம் உங்க வீட்ல நீங்க சொல்லுங்க, எங்க வீட்ல நான் சொல்றேன்.”

இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. ‘எப்பவும்’, ‘எல்லாத்துலயும்’, ‘உங்க அம்மா மாதிரி’ ஆகிய மூன்றும் இதில் இல்லை என்பதைப் பாருங்கள். “அத்தை மேல எனக்குக் கோபமே இல்ல” என்ற வாக்கியத்தையும் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. உண்மையிலேயே கோபம் இல்லை என்றால் சொல்லுங்கள். இருந்தால் பொய்யாகச் சொல்ல வேண்டாம். பிறகு ஒரு நாள் அந்தக் கோபம் வெளிப்படும்போது, இன்றைக்குச் சொன்னது எல்லாமே நடிப்பு என்று ஆகிவிடும். “அத்தைக்கு இந்தக் கல்யாணத்துல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியுது” என்று சொல்லலாம். அது உண்மையாகத்தான் இருக்கும்.

சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். அவர் அமைதியானால் அந்த அமைதியை நீங்கள் நிரப்பாதீர்கள். அவருக்கு இது புதுச் செய்தி. முன்பு அவர் கேட்டது அம்மா மீதான புகாரை. தூக்கமில்லை, டாக்டரைப் பார்த்தேன் என்பதை இப்போதுதான் கேட்கிறார்.

மறுபடியும் “அம்மா அப்படித்தான்” என்று வந்தால் அம்மாவைப் பற்றிய விவாதத்துக்குள் போகாதீர்கள். “அத்தை மாறணும்னு நான் கேக்கல. போன் யாருக்கு வரணும்கிறதை மட்டும்தான் கேக்கறேன்” என்று சொல்லுங்கள். “கல்யாணம் வரைக்கும்தானே” என்றால், கல்யாணத்துக்குப் பிறகு வளைகாப்பு, குழந்தைக்குப் பெயர், வீடு வாங்குவது என்று வரிசையாக இருக்கிறது என்று பட்டியல் போடத் தோன்றும். போடாதீர்கள். “எனக்கு இன்னும் எட்டு வாரம் தாங்காது” என்ற உண்மையைச் சொல்லுங்கள். அது விவாதிக்க முடியாதது.

அவர் மனம் இளகி, “நான் இன்னிக்கே அம்மாகிட்ட பேசறேன்” என்று சொன்னால்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நல்ல பையன்கள் அங்கேதான் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார்கள். நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜோடி என்னிடம் வந்தார்கள். நிச்சயம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணும் உங்களைப் போலவே சொல்லியிருக்கிறாள், அதுவும் நன்றாகவே சொல்லியிருக்கிறாள். அவனும் புரிந்துகொண்டான். அன்று இரவே அம்மாவுக்குப் போன் செய்து, “அம்மா, நீங்க டெய்லி போன் பண்றது அவளுக்கு டென்ஷனா இருக்காம். இனிமே எங்கிட்டயே சொல்லுங்க” என்று சொல்லிவிட்டான். அவன் செய்தது முழுக்க முழுக்க அன்பினால்தான். ஆனால் அந்த அம்மாவின் காதில் விழுந்தது வேறு. தான் ஆசையாகப் பேசியதை அந்தப் பெண் பொறுத்துக்கொண்டு, பின்னால் போய்க் குறை சொல்லியிருக்கிறாள், மகன் அவள் பக்கம் சாய்ந்துவிட்டான், இதுதான். அன்றோடு அவர் அந்தப் பெண்ணிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பத்திரிகை வைக்க வந்தபோதும் முகம் கொடுக்கவில்லை. முன்பு போன் வந்ததால் தூங்காத பெண், இப்போது போன் வராததால் தூங்கவில்லை.

சரிசெய்ய நாங்கள் செய்தது ஒன்றுதான். அவன் நேரில் ஊருக்குப் போய், அம்மாவோடு தனியாக உட்கார்ந்து, பொறுப்பைத் தன் மேல் எடுத்துக்கொண்டான். “கல்யாண வேலையை எல்லாம் உங்க ரெண்டு பேர் தலைல போட்டுட்டு நான் பெங்களூர்ல உக்காந்திருந்தேன், தப்பு என்னோடது. இனிமே பணம், ஏற்பாடு எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன். என்ன வேணும்னாலும் எங்கிட்ட சொல்லுங்க, அவங்க அப்பாகிட்ட நான் பேசறேன். அவகிட்ட நீங்க சாதாரணமா பேசுங்கம்மா, கல்யாண வேலை மட்டும் வேண்டாம்.” அவள் சொன்னாள் என்ற பேச்சே இதில் இல்லை. பொய்யும் இல்லை, ஏனென்றால் அவன் ஒதுங்கி உட்கார்ந்திருந்ததுதான் தொடக்கமே. அந்த அம்மா உடனே குளிர்ந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் மகன் முன்வந்து பொறுப்பெடுத்துக்கொண்டதில் அவருக்கு வருத்தப்பட ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல அந்தப் பெண்ணிடம், சாப்பிட்டாயா, தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறாய் என்று பேசத் தொடங்கினார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் பேசி முடிக்கும் முன், அவர் வீட்டில் என்ன வாக்கியத்தைச் சொல்லப்போகிறார் என்பதையும் பேசிவிடுங்கள். “அம்மாகிட்ட நான் சொன்னதாச் சொல்லாதீங்க, நீங்க எடுத்த முடிவாச் சொல்லுங்க” என்று நேராகவே கேளுங்கள். இது ஒளிவுமறைவு செய்வதல்ல. இருவரும் பேசி எடுத்த முடிவு அவருடைய முடிவும்தானே. உங்கள் வீட்டிலும் இதே விதி பொருந்தும். நாளைக்கு உங்கள் அப்பா எதையாவது குறைக்கச் சொன்னால், “அவர்தான் வேண்டாம்னு சொன்னார்” என்று நீங்கள் சொல்லக் கூடாது, “நாங்க வேண்டாம்னு நினைச்சோம்” என்றுதான் சொல்ல வேண்டும்.

இலைக் கணக்கை மட்டும் அந்தப் பேச்சிலேயே ஒரு வழிக்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் சமையல்காரருக்கு எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். அவர் தன் வீட்டுப் பட்டியலை வாங்கி, பெயர் பெயராகப் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் பொதுவான உறவுகள், வெளிநாட்டில் இருப்பதால் வர முடியாதவர்கள், வரவேற்புக்கு மட்டும் வருபவர்கள் என்று பிரித்தாலே எண் தானாகக் குறையும். குறைந்த பிறகும் மீதம் இருந்தால், மாப்பிள்ளை வீட்டுச் செலவில் கும்பகோணத்தில் தனியாக ஒரு வரவேற்பு வைப்பது நம் ஊரில் புதிதல்ல. அல்லது கூடுதல் இலைக்கான தொகையை அவர் தன் பணத்திலிருந்து தருவதாகச் சொல்லலாம். எதுவாக இருந்தாலும் உங்கள் அப்பாவிடம் அவர் தன் வாயால் பேச வேண்டும். தொகையைப் பற்றிய பேச்சு அவருக்கும் உங்கள் அப்பாவுக்கும் நடுவில் நடந்தால் அது அரை மணியில் முடியும். அத்தைக்கும் உங்களுக்கும் நடுவில் நடந்தால் இரண்டு மாதம் ஆனாலும் முடியாது.

இதையெல்லாம் சீக்கிரம் செய்யுங்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மார்கழியில் புதிதாக ஒன்றும் பேச மாட்டார்கள், வாங்க மாட்டார்கள் என்பதால் தைக் கல்யாண வேலை முழுவதும் கார்த்திகைக்குள் அடைக்கப்படுகிறது. உங்கள் அத்தையின் போன்கள் இந்த மாதம் கூடியிருந்தால் அதில் பாதி அவருடைய சுபாவம், பாதி காலண்டர். இதை நீங்கள் அறிந்திருந்தால் அவர் குரலில் உள்ள அவசரம் உங்கள் மீதான குறையாகப் படாது.

பேசியது பலித்ததா என்பதை அவர் அன்று எவ்வளவு உருகினார் என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அடுத்த இரண்டு வாரத்தைப் பாருங்கள். புதிதாக ஒரு விஷயம் முளைக்கும், போட்டோகிராபரோ, நாதஸ்வரமோ, மாப்பிள்ளை அழைப்புக் காரோ. அப்போது அத்தை பழக்கத்தில் உங்களுக்கே அடிப்பார். அது தோல்வி இல்லை. நீங்கள் அவரிடம் அதைச் சொன்னதும் அவர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம். அன்றே அம்மாவிடம் “எங்கிட்ட சொல்லுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, விஷயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். மறந்துவிட்டு, நீங்கள் நினைவூட்டியதும் செய்தால் அதுவும் பரவாயில்லை, பழக இன்னும் காலம் தேவைப்படுகிறது. நினைவூட்டிய பிறகும் “இந்த ஒரு தடவை மட்டும்” என்று மூன்று தடவை வந்தால், கல்யாணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு ஆலோசகரிடம் ஓரிரு முறை உட்காருங்கள். அவர் வர மறுத்தால், இரண்டு குடும்பத்துக்கும் பழக்கமான, பேச்சு தொடங்கியபோது நடுவில் இருந்த பெரியவரைப் பணக் கணக்குக்கு மட்டும் நடுவில் வையுங்கள். உங்கள் தூக்கத்தையும் படபடப்பையும் அந்தப் பெரியவரிடம் எடுத்துப் போக வேண்டாம், அது ஊர்ப் பேச்சாகிவிடும்.

உங்களைச் சற்று நிறுத்தி யோசிக்கச் சொல்லும் அடையாளங்களும் உண்டு. நீங்கள் தனியாகச் சொன்ன வார்த்தைகள் அப்படியே அவர் அம்மா வாயிலிருந்து உங்களுக்குத் திரும்பி வந்தால், அல்லது “இதுக்கே இப்படின்னா கல்யாணமே வேண்டாம்” என்று அவர் மிரட்டலாகச் சொன்னால், அவசரப்பட்டு மன்னிப்புக் கேட்டு மூடிவிடாதீர்கள். உங்கள் அப்பா, அம்மாவிடம் அப்போதே சொல்லுங்கள். பேச்சு இலையிலிருந்து நகர்ந்து பவுனுக்கும் காருக்கும் ரொக்கத்துக்கும் போனால், அது தலையீடு என்ற பெயரிலேயே வராது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி அதைக் கேட்பதே குற்றம், கொடுத்து வாங்கியிருக்கத் தேவையில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இதே சூழலில் வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை இன்னும் சில இரவுகள் இருக்கின்றன, ஒன்பதரைக்குப் போன் வரும். எடுக்காமல் விடாதீர்கள், விட்டால் அதுவே ஒரு புதுப் பிரச்சினையாகும். எட்டரைக்கே நீங்களாக அத்தைக்கு அடியுங்கள். சாப்பிட்டாரா, மாமாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் நேரத்தில், உட்கார்ந்த இடத்தில் நீங்கள் தொடங்கிய பேச்சு என்பதால் நெஞ்சு அவ்வளவு அடிக்காது. இலையைப் பற்றியோ வேறு செலவைப் பற்றியோ பேச்சு வந்தால், “சரிங்க அத்தை, நான் குறிச்சு வெச்சுக்கறேன். அவர்கிட்டயும் அப்பாகிட்டயும் கேட்டுட்டு அவரையே உங்ககிட்ட பேசச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது. சொன்னபடியே ஒரு தாளில் குறித்தும் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.